மழைக்கு முன் ஊருணியைத் தூர்வாரி வேலி போட, சிங்கப்பூரிலிருந்து ஊராட்சிக்குக் கடிதம் எழுதுவது எப்படி

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஊருணிக்காக நான் முதலில் எழுதிய கடிதம் வீணாய்ப் போனது. ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினோம். "நம் முன்னோர் வெட்டிய ஊருணி பாழாகிறது, ஆவன செய்யுங்கள்" என்று உருக்கமாகத்தான் எழுதியிருந்தோம். ஊராட்சி அலுவலகத்தில் அதை வாங்கி ஒரு கோப்பில் வைத்தார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. சித்தப்பா விசாரிக்கப் போனபோது, "இதுல சர்வே நம்பரும் இல்ல, அளவும் இல்ல. இத வச்சு நான் மேல என்னன்னு எழுதுறது?" என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்தவர். அவர் கேட்டது நியாயம்தான்.

மறு ஆண்டு எழுதிய கடிதத்துக்கு வேலை நடந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் தூர்ந்துபோன ஊருணியோ குளமோ இருந்தால் ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

## 1. அது யாருடைய நீர்நிலை என்று முதலில் பாருங்கள்

எல்லாக் குளமும் ஊராட்சிக்குச் சொந்தமில்லை. கோயில் குளம் அறநிலையத்துறையின் கீழ் வரலாம். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைந்த பாசனக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊர் ஊருணியும் சிறு குளம் குட்டைகளும்தான் பொதுவாக ஊராட்சியிடம் இருக்கும். தவறான இடத்துக்குக் கடிதம் போனால் "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அதற்குள் இரண்டு மாதம் போய்விடும்.

இதை இங்கிருந்தே பார்க்கலாம். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். புல எண் தெரியாவிட்டால் ஊரில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சொல்லட்டும். பதிவேட்டில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: புல எண், பரப்பு, வகைப்பாடு. எங்கள் ஊருணி 34 ஏர் என்று இருந்தது. வகைப்பாட்டில் "ஊருணி" என்றே போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்தோம்.

## 2. கையெழுத்து ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும்

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. சபையில் எழுந்து பேச வேண்டியவரும் மனுவைக் கொடுக்க வேண்டியவரும் அவர்கள்தான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு அங்கே வாக்கே கிடையாது. அதனால் கடிதத்தை நாம் தயாரித்தாலும் அனுப்புநர் ஊர்க்காரராக இருப்பது நல்லது. நாங்கள் சித்தப்பாவை அனுப்புநராகப் போட்டு, ஊருணிக்கு அருகில் உள்ள வீடுகளில் 62 பேரிடம் வாக்காளர் அட்டை எண்ணோடு கையெழுத்து வாங்கினோம். எங்கள் பெயர்கள் தனித்தாளில், "பங்களிப்புத் தர முன்வருவோர்" என்ற தலைப்பில் இருந்தன.

கையெழுத்து வாங்கும்போது ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் முதலில் போங்கள். வேலி என்றதும் மறுப்பு அவர்களிடமிருந்துதான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. "மாட்டுக்குத் தண்ணிக்கு எங்கப்பா போவேன்?" என்று கோனார் வீட்டுப் பெரியவர் கேட்டதால்தான் வேலிக்கு வெளியே ஒரு தண்ணீர்த்தொட்டி வேண்டும் என்று கடிதத்தில் சேர்த்தோம். அதன் பிறகு அவரே கையெழுத்துப் போட்டார்.

## 3. தண்ணீர் வற்றியதும் அளவெடுங்கள்

கடிதத்துக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. "தூர்ந்துவிட்டது" என்று எழுதினால் அது புகார். "சராசரி 60 சென்டிமீட்டர் வண்டல் இருக்கிறது" என்று எழுதினால் ஒன்றிய மேற்பார்வையாளர் மதிப்பீடு போடலாம்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அளவுநாடா, ஒரு நீளமான இரும்புக் கம்பி, சுண்ணாம்பு போதும். சித்தப்பா காணொளி அழைப்பில் இருக்க, அவர் மகன் கம்பியை ஊன்றினான். வண்டலில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஓர் ஆழத்தில் "ணங்" என்று இல்லாமல் ஒரு மந்தமான தடை வந்தது. அதுதான் பழைய களிமண் படுகை. அந்த இடத்தில் விரலால் கம்பியைப் பிடித்து வெளியே எடுத்து, ஒட்டியிருந்த சேற்றின் நீளத்தை அளந்தோம். கம்பி நுனியில் மஞ்சள் கலந்த இறுகிய களி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே கரேலென்று நாற்றமடிக்கும் வண்டல். நிறம் மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது இடத்தில் பார்த்தோம். வரத்துக்கால் வாயில் 90 செ.மீ., எதிர்க்கரை ஓரத்தில் 40 செ.மீ. இருந்தது. ஒன்பதையும் கூட்டினால் 540, சராசரி 60. ஊருணியின் அடித்தளம் 50 மீட்டருக்கு 40 மீட்டர், அதாவது 2,000 சதுர மீட்டர். 0.6 மீட்டரால் பெருக்கினால் 1,200 கன மீட்டர் வண்டல்.

இந்த ஓர் எண்ணிலிருந்து மற்ற கணக்கெல்லாம் வரும். டிராக்டர் ஒரு நடைக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் ஏற்றும். தோண்டிய மண் உப்பும் என்பதால் 400 நடை என்று நினைக்காமல் 480 நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி ஒரு மணி நேரத்தில் 25 கன மீட்டர் அள்ளி ஏற்றும் என்று ஊரில் ஓட்டுநர் சொன்னார். அப்படியானால் 48 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி வீதம் ஆறு நாள். எங்களிடம் கேட்ட வாடகை மணிக்கு 1,400 ரூபாய். மொத்தம் 67,200.

அள்ளிய வண்டல் எங்கே போகும் என்பதையும் கடிதமே சொல்லவேண்டும். கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். நாங்கள் முதலில் இதை யோசிக்கவே இல்லை. வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர் வரை. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இந்த அனுமதி கிடைக்கிறது, விண்ணப்பம் இணையவழி. 1,200 கன மீட்டரை 90-ஆல் வகுத்தால் 13 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஆக, புன்செய் 14 ஏக்கர் வைத்திருப்பவர்கள் விண்ணப்பித்தால் வண்டல் முழுவதும் போய்விடும், டிராக்டர் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் ஒன்பது விவசாயிகள் சேர்ந்தார்கள். அவர்கள் பட்டியலையும் இணைத்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடிதத்தில் ஆழ வரம்பை எழுதாமல் விடாதீர்கள். களிமண் படுகைதான் ஊருணிக்கு அடித்தட்டு. "இன்னும் ரெண்டடி தோண்டினா தண்ணி நிறைய நிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். படுகை உடைந்து மணல் தெரிந்தால், நிறையும் தண்ணீர் பொங்கலுக்குள் கீழே இறங்கிவிடும். கடலோர ஊர்களில் உப்பு ஊறும் ஆபத்தும் உண்டு. தூர்வாரல் என்ற பெயரில் கீழே உள்ள மண்ணைத் தோண்டி விற்பதற்கும் இந்த வரம்புதான் தடை.

## 4. வேலி: எல்லைக் கல் தெரியாமல் ஒரு தூணும் நடக் கூடாது

வேலி எங்கே போகிறதோ அதுதான் இனி எல்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். ஊருணியின் ஓரத்தை யாராவது கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, நீங்கள் அதை விட்டு உள்ளே தள்ளி வேலி போட்டால், பிடித்ததை அவருக்கே எழுதிக் கொடுத்த மாதிரி. அதனால் நில அளவரை வைத்து எல்லையைக் காட்டிய பிறகே வேலி என்று கடிதத்தில் கேளுங்கள். ஆனால் ஆக்கிரமித்தவர் பெயரை இதே கடிதத்தில் எழுதாதீர்கள். அது தகராறாகி, தூர்வாரலும் அதோடு நின்றுபோகும். தேவைப்பட்டால் வட்டாட்சியருக்குத் தனி மனு கொடுங்கள்.

வேலிக்கோடு இப்படிப் போட்டோம். சரிவு ஒன்றுக்கு இரண்டு: 2 மீட்டர் ஆழத்துக்கு 4 மீட்டர் சாய்வு. செங்குத்தாக வெட்டினால் கரை சரியும், தவறி விழுந்த பிள்ளை ஏறி வரவும் முடியாது. அடித்தளம் 50-க்கு 40 என்றால் மேல்விளிம்பு 58-க்கு 48. விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி வேலி என்றால் 62-க்கு 52, சுற்றளவு 228 மீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஒரு தூண் வீதம் 91 தூண்கள். மூலைத்தூண்களுக்கு முட்டுக்கால் தனி. ஐந்தடி உயரக் கம்பிவலை. முள்கம்பி வேண்டாம் என்று நான் நினைக்கிறேன், குடத்தோடு போகிறவர்கள் சேலையைக் கிழித்துக்கொள்வார்கள்.

வேலியில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, ஜேசிபி நுழைய வாயில் விடாதது. அடுத்த முறை தூர்வார வேலியைப் பிரிக்க வேண்டிவரும். 4 மீட்டர் இரட்டைக் கதவு கேளுங்கள், படித்துறைப் பக்கம் ஆள் போக ஒரு சிறு கதவு. இரண்டாவது, வரத்துக்காலுக்குக் குறுக்கே வலையை இழுத்துக் கட்டுவது. முதல் வெள்ளத்தில் வரும் சருகும் பிளாஸ்டிக்கும் வலையில் அடைத்துத் தண்ணீர் ஊருக்குள் திரும்பும். அங்கே வலையை நிறுத்திவிட்டு, கால்வாயில் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய கம்பித்தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். போக்குக்காலுக்கும் இதேதான். மூன்றாவது, தூர்வாருவதற்கு முன்பே வேலி போடுவது, அல்லது புதிதாகக் கொட்டிய மண்ணில் தூண் நடுவது. மழையில் மண் அமுங்கித் தூண்கள் சாயும்.

## 5. கடிதம்

ஒரே பக்கம் போதும். நாங்கள் கொடுத்ததை, பெயர்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, வாக்காளர் அட்டை எண்) மற்றும் இணைப்பில் கையொப்பமிட்டுள்ள 62 பேர்

பெறுநர்: தலைவர் / தனி அலுவலர் அவர்கள், (ஊர்) ஊராட்சி, (ஒன்றியம்), புதுக்கோட்டை மாவட்டம்

நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி)

பொருள்: புல எண் (—), 34 ஏர் பரப்புள்ள ஊருணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரி, வேலி அமைக்கத் தீர்மானம் நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மேற்கண்ட ஊருணியில் ஒன்பது இடங்களில் அளந்ததில் சராசரி 60 செ.மீ. வண்டல் படிந்துள்ளது. மொத்தம் ஏறத்தாழ 1,200 கன மீட்டர். கரையில் தடுப்பு இல்லாததால் கால்நடைகள் இறங்குகின்றன, வாகனங்கள் கழுவப்படுகின்றன, சிறுவர்கள் தவறி விழும் ஆபத்தும் உள்ளது.

எனவே பின்வருவனவற்றைக் கோருகிறோம். நில அளவர் மூலம் எல்லையை அளந்து காட்டுதல். களிமண் படுகை வரை மட்டும், 60 செ.மீ. சராசரி ஆழத்துக்குத் தூர்வாருதல். வரத்துக்காலைச் சீர்செய்தல். அதன் பின் 228 மீட்டர் சுற்றளவில் கம்பிவலை வேலியும் 4 மீட்டர் வாயிலும் அமைத்தல். கால்நடைகளுக்கு வேலிக்கு வெளியே தண்ணீர்த்தொட்டி அமைத்தல்.

வண்டலை எடுத்துக்கொள்ள ஒன்பது விவசாயிகள் விண்ணப்பிக்க இசைந்துள்ளனர். வேலிக்கான மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நமக்கு நாமே திட்டத்தின் கீழ் பங்களிப்பாகச் செலுத்த ஊர் மக்களும் வெளிநாட்டில் பணிபுரிவோரும் முன்வந்துள்ளோம். செப்டம்பர் 15-க்குள் பணி முடியும்படி, மார்ச் 22 கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: அ-பதிவேட்டு விவரம், புலப்படம், அளவுக் குறிப்பு, நிழற்படங்கள் 6, கையொப்பப் பட்டியல், விவசாயிகள் பட்டியல், பங்களிப்போர் பட்டியல்.

கடிதம் இவ்வளவுதான். நிழற்படத்தில் கம்பியும் அளவுநாடாவும் ஒன்றாகத் தெரிய வேண்டும். வெறும் சேற்றைக் காட்டும் படத்தால் பயனில்லை.

பெறுநர் வரியைக் கவனியுங்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். உங்கள் ஊரில் இன்று யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பழைய தலைவர் பெயருக்குப் போன கடிதம் அவர் வீட்டிலேயே கிடந்த கதை எனக்குத் தெரியும்.

## 6. எந்த நாளுக்குள் கொடுப்பது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு உகந்தது மார்ச் 22. தவறினால் மே 1. ஆகஸ்டு 15-இல் தீர்மானம் போட்டால் மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் முடிவதற்குள் மழை வந்துவிடும். எங்களுக்குத் தீர்மானத்திலிருந்து ஜேசிபி இறங்கும் வரை நான்கு மாதம் ஆனது: மார்ச்சில் தீர்மானம், ஏப்ரலில் மேற்பார்வையாளர் வந்து அளந்தார், ஜூலை கடைசியில் வேலை, ஆகஸ்டில் வேலி.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு உரிய நகலை ஒப்புகைச் சான்றுடன் விரைவுத் தபாலில் ஊரிலிருந்தே அனுப்பலாம். சிங்கப்பூர்த் தபால்தலை ஒட்டத் தேவையில்லை, இங்கே செய்ய வேண்டியது கோப்பைத் தயாரித்து அனுப்புவது மட்டும்தான். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவை இந்தியக் குடிமகன் ஒருவர்தான் போட முடியும்.

## 7. இங்கே பணம் சேர்க்கும்போது

எங்கள் வேலி மதிப்பீடு 2,40,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு 80,000. நாற்பது பேர் ஆளுக்கு 2,000 ரூபாய். தொகை பெரிதல்ல, ஆனாலும் சேர்க்கும் விதம் முக்கியம்.

சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். தங்கும் விடுதியில் சுவரொட்டி ஒட்டுவது, முகநூலில் எல்லாருக்கும் வேண்டுகோள் விடுவது எல்லாம் பொதுவில் கேட்பதுதான். நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்களோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தது குடியுரிமை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டவர் கொடுப்பது, அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையாகவே கொள்ளப்படும். ஊர் நலச் சங்கத்தின் கணக்கில் அது விழுந்தால், அதற்கான பதிவு இல்லாத சங்கம் சிக்கலில் மாட்டும். எங்களில் குடியுரிமை பெற்ற மூன்று பேரின் பங்கை இந்தக் காரணத்தால் வாங்கவில்லை. அவர்களுக்கு மனக்குறைதான், ஆனால் வேறு வழியில்லை.

யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒன்றிய அலுவலகம் எழுத்தில் சொல்லும் கணக்குக்கு வரைவோலையாகக் கட்டி, ரசீதைக் குழுவில் பகிருங்கள்.

## 8. ஜேசிபி இறங்கிய பிறகு

ஊரில் ஒருவர் ஆறு நாளும் கரையில் நிற்க வேண்டும். தினமும் மாலையில் கம்பியும் நாடாவும் வைத்து ஆழத்தை அளந்து படம் எடுக்கட்டும். வாளியில் மஞ்சள் களி வரத் தொடங்கினால் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நான்காம் நாள் தென்கிழக்கு மூலையில் அப்படி வந்தது. சித்தப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்த மூலையில் களியைத் திரும்பப் போட்டு ஜேசிபியை மேலே ஓட்டி அமுக்கச் சொன்னார்.

வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்களுடையது 300 மீட்டர் நீளம். நடுவில் ஒரு வீட்டுக்காரர் வண்டி போக மண்ணைப் போட்டு மூடியிருந்தார். சிமெண்டுக் குழாய் இரண்டு வாங்கிப் பதித்த பிறகுதான் தண்ணீருக்கு வழி கிடைத்தது. வேலிக்கதவுக்குச் சாவி இரண்டு செய்து ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்றை ஊருணிக்கு எதிர்வீட்டிலும் கொடுத்துவைத்தோம்.